எழுத்தில் ஏறும் பேச்சு: கல்முனைக் கரைப் பதிவுகள் பற்றி ஒரு நோக்கு

கடற்கோள் நிகழ்ந்த 2004 டிசம்பர் 26இன் பின்னர், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலான ஊர்களில் முதியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்து, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் ஆங்கிலமுமாக அச்சிடும் முயற்சிகள் பெருகின. அவ்வாறான சில பதிவுகளைப் படித்தபோது எழுந்த ஓர் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம். பதிவுக்கும் பெயர்ப்புக்கும் நடுவே நிற்கும் ‘செம்மையான’ தமிழ்ப்படி, உண்மையில் செம்மை செய்யப்பட்டதா, சிதைக்கப்பட்டதா?

இவ்வூர்ப் பேச்சை ஒட்டி நான் அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்: “கடல் வந்திட்டு. உம்மா ஊட்டுக்குள்ள நிண்டா. நான் புள்ளையத் தூக்கிட்டு ஓடினன்.” இதில் ‘வந்திட்டு’, ‘தூக்கிட்டு’ என்னும் இரண்டும் ஒரே ஈறு உடையன. ஆனால் ‘தூக்கிட்டு’ வினையெச்சம்; ‘வந்திட்டு’ முற்று. அஃறிணை எழுவாய்க்கு ‘வந்துவிட்டது’ என்பதை மட்டக்களப்புத் தமிழ் இவ்வாறே கூறும். வெளியூரிலிருந்து வந்து எழுதுபவருக்கு இரண்டும் எச்சமாகவே தோன்றும். ‘கடல் வந்துவிட்டு உம்மா நின்றா’ என்றால் பொருள் பொருந்தாது. எனவே அவர், ‘கடல் வந்தபோது தாய் வீட்டினுள் நின்றார்’ என்று திருத்திவிடுகிறார். ஆங்கிலமும் அதனைப் பின்பற்றுகிறது.

இதனால் இழந்தது என்ன? மூதாட்டி மூன்று நிகழ்ச்சிகளைத் தனித்தனியே அடுக்கினார். கடல் வந்தது என்பது முதலாவது. ஒருவேளை அது தெருவில் எழுந்த கூக்குரலையே அவர் திரும்பச் சொன்னதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், அக்குரல் கேட்டதற்கும் ஓடியதற்கும் இடையே ஒரு சிறு பொழுது இருந்திருக்கிறது. உம்மாவை அழைக்க முடிந்ததா என்னும் வினா அந்தப் பொழுதிலேதான் கிடக்கிறது. ‘வந்தபோது’ என்ற ஒரு சொல் அப்பொழுதை இல்லாமலாக்கிவிடுகிறது.

பிழையை அறியும் வழி கடினமானதன்று. முற்றாயின் குரல் தாழ்ந்து ஓய்வு விழும். எச்சமாயின் குரல் அடுத்த வினையை நோக்கி ஓடும். ‘கடல் வந்திட்டுப் போயிட்டு’ என்பதில் முன்னது எச்சம், பின்னது முற்று. இடையே இரட்டித்து ஒலிக்கும் பகரமே அதற்குச் சான்று. இதைக் காதால் கேட்டே தீர்மானிக்க வேண்டும். முதற்படி எழுதியவரின் நிறுத்தற்குறியை நம்புவது ஆபத்தானது.

ஆகவே படிகள் இரண்டு தேவை. கேட்டதைக் கேட்டவாறே, ஓய்வுகளையும் திரும்பச் சொன்னவற்றையும் விடாது எழுதியது ஒன்று. அச்சுக்கெனத் துப்புரவு செய்தது மற்றொன்று. துப்புரவில் ‘அந்த’, ‘இந்த’ என்று தடுமாறிய அசைகளையும் தொடங்கிக் கைவிட்ட சொற்களையும் நீக்கலாம். ‘உம்மா’வைத் ‘தாய்’ ஆக்குவதும், ‘மையத்து’ என்பதைச் ‘சடலம்’ ஆக்குவதும் துப்புரவல்ல. குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுகை நடத்தி அடக்கவேண்டிய உடலே மையத்து. அது கிடைக்கவில்லை என்று ஒருவர் அழுவதன் காரணம் ‘சடலம்’ என்ற சொல்லில் இல்லை. ஆங்கிலம் முதற்படியிலிருந்தே பெயர்க்கப்படல் வேண்டும். செம்மைப் படியிலிருந்து பெயர்த்தால் ஒரு தவறு இரண்டாகும். ஒருமணிநேர ஒலிப்பதிவை எழுதி முடிக்க ஒரு முழுநாள் செல்லும் என்பது உண்மையே. அலுப்பினால்தான் பலரும் முதற்படியைத் தவிர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னுமொரு தொல்லை, தமிழ் சொல்லாமல் விடுவதை ஆங்கிலம் சொல்லியே ஆகவேண்டும் என்பது. “புள்ளைக்கு ஊடு குடுத்தாங்க” என்கிறார் ஒருவர். கொடுத்தவர் யார்? ‘அரசாங்கம் பிள்ளைக்கு வீடு வழங்கியது’ என ஒரு பெயர்ப்பாளர் எழுதக்கூடும். கடற்கோளின் பின்னர் வீடுகள் வழங்கப்பட்டமையால் அது பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் தாய்வழிக் குடி முறை நிலவும் இக்கரையில் மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படுவது வழக்கம். அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். ‘புள்ள’ இங்கே மகளாயின், கொடுத்தவர் பெற்றோர். வீடு மணமகனுடையதன்று, அவளுடையது. ஒரு தவறான எழுவாய் ஒரு பெண்ணின் உடைமையையே மறைத்துவிடும். ஐயமுள்ள எழுவாயைப் பகர அடைப்புக்குள் இட்டு, முன்பின் பேச்சை மறுபடி கேட்டு, இயலுமாயின் பேசியவரிடமே வினவுதல் தகும்.

‘எங்கட ஊர்’, ‘நம்மட ஊர்’ என்னும் வேறுபாடும் இத்தகையதே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்பவரை விலக்கி ‘எங்கட’ என்று தொடங்கிய முதியவர், உரையாடலின் பிற்பகுதியில் ‘நம்மட’ என்று சொல்வாராயின், வந்தவரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டார் என்பதே பொருள். பெயர்ப்பில் இதனைக் காட்ட அடிக்குறிப்பன்றி வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இறுதியாக அச்சமைப்பு. தமிழ் வாக்கியம் வினையில் முடிவது. ஆங்கிலம் வினையை முன்னே கொணர்வது. வரிக்கு வரி நிறுத்த முயன்றால் இரண்டும் முடமாகும். ஒரு கூற்றுக்கு ஓர் எண் இட்டு, ஒலிப்பதிவில் அது தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும் அருகே குறித்தால் போதும். ஒரு தமிழ் வாக்கியம் மூன்று ஆங்கில வாக்கியங்களாகப் பிரிந்தாலும் எண் மாறலாகாது. ஐயுறும் வாசகன் அந்த நொடிக்குச் சென்று, ‘வந்திட்டு’ என்றபின் குரல் தாழ்ந்ததா இல்லையா என்பதைத் தானே கேட்டுக்கொள்வான்.