அடுத்த வரியில் இருக்கும் விடை

"டச்சு அரண்மனை என்று ஊரார் இன்றும் சொல்லும் மட்டாஞ்சேரிக் கட்டடத்தை டச்சுக்காரர்கள் 1663இல் ______. போர்த்துக்கீசியர் அதை எழுப்பிக் கொச்சி அரசருக்குக் கொடுத்து அப்போதே நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது."

கொடுத்திருக்கும் விடைகள் நான்கு: கட்டினார்கள், புதுப்பித்தார்கள், இடித்தார்கள், திறந்துவைத்தார்கள்.

முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் கை தானாகவே 'கட்டினார்கள்' பக்கம் போகும். இலக்கணம் சரி, பொருளும் சரி. டச்சு அரண்மனை என்ற பெயரே அதற்குச் சாட்சி சொல்வதுபோல் நிற்கிறது. அடுத்த வாக்கியத்துக்கு வந்ததும் அந்த விடை விழுந்துவிடுகிறது. நூறாண்டாக நிற்கும் ஒன்றை யாரும் புதிதாகக் கட்டவோ திறந்துவைக்கவோ முடியாது. 'இடித்தார்கள்' மட்டும் முதல் வாக்கியத்திலேயே செத்துவிடுகிறது, ஊரார் இன்றும் பெயர் சொல்லிக் காட்டும் கட்டடம் அது. மீதி 'புதுப்பித்தார்கள்', அதுதான் வரலாறும்.

பத்தியில் கோடிட்ட இடங்களை நிரப்பும் கேள்விகளில் எனக்குப் பிடித்த வகை இது. தன் வாக்கியத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தி, அடுத்த வாக்கியத்தோடு மோதும் விடை. இதை அமைப்பவர், படிப்பவர் எந்த இடத்தில் அவசரப்படுவார் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்த அவசரத்துக்கு ஏற்ற சொல்லை அங்கே வைக்கிறார். அதே சமயம் ஏமாற்றுவதும் இல்லை. மறுக்கும் சான்று ஒரு வரி தள்ளி, கண்ணெதிரே இருக்கிறது.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இங்கே மட்டாஞ்சேரியிலும் உண்டு. அவர்கள் எழுதும் முதனிலைத் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் 30 கேள்விகளுக்கு 20 நிமிடம். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். சராசரியாக ஒரு கேள்விக்கு நாற்பது நொடி. இந்த நெருக்கடியில் பெரும்பாலோர் கோடு வரும்போதே விடையைக் குறித்துவிட்டுத்தான் மேலே படிக்கிறார்கள். பத்தியை ஒருமுறை முழுக்க ஓட்டிப் படித்துவிட்டுக் கோடுகளுக்குத் திரும்புகிறவர் அரை நிமிடம்தான் கூடுதலாகச் செலவழிக்கிறார். அரண்மனைக் கேள்வி பிரித்துக் காட்டுவது இந்த இரண்டு பேரைத்தான். சொல்வளத்தில் இருவரும் சமமாகவே இருக்கலாம்.

இந்த வகைக் கேள்வி பத்தியிலிருந்து தானாக விளைவதில்லை. 1953இல் அமெரிக்காவின் வில்சன் டெய்லர் இந்த முறையை அறிமுகப்படுத்தியபோது அவர் நோக்கமே வேறு. ஒரு பத்தி படிக்க எளிதா கடினமா என்று அளக்க, ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் என்ற கணக்கில் இயந்திரம்போல நீக்கிக்கொண்டே போனார். அப்படி நீக்கினால் எந்தச் சொல் விழும் என்பது குருட்டாம்போக்கு. பெரும்பாலும் அந்த வாக்கியத்தை வைத்தே நிரப்பிவிடக்கூடிய சொல்தான் விழும். 1982இல் ஷானஹான், காமில், டோபின் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். பத்தியின் வாக்கியங்களை வரிசை மாற்றிக் கலைத்துப் போட்டுவிட்டு மாணவர்களை நிரப்பச் சொன்னார்கள். மதிப்பெண் குறையவில்லை. பத்தியே இல்லாத இடத்திலும் பத்தியைப் படித்ததற்கான மதிப்பெண் கிடைத்தது என்றால், அந்தக் கேள்விகள் பத்தி வாசிப்பை அளக்கவில்லை. கலைத்தால் மதிப்பெண் குறைகிறது என்று கண்ட ஆய்வும் அதற்கு முன்பே, 1977இல், வந்திருக்கிறது. எந்தச் சொல் நீங்கியது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு மாறும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். லைல் பாக்மன் எண்பதுகளில் செய்தது அதைத்தான். எண்ணிக்கைப்படி நீக்குவதை விட்டுவிட்டு, தொடருக்குள்ளேயே விடை கிடைக்கும் கோடு, வாக்கியம் தாண்டிப் போனால்தான் விடை கிடைக்கும் கோடு என்று வகை பிரித்து, தேர்ந்து நீக்கினார். நான் ரசிக்கும் கோடு இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இன்னும் நுட்பமான ஒன்று: "1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் தரை முழுக்கச் சீனத்து நீல ஓடுகள். வருகிறவர்கள் கண்ணுக்கு அவை எல்லாம் ______ தெரியும். குனிந்து உற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் ஒன்றின் ஓவியம் இன்னொன்றில் இல்லை என்பது புலப்படும்."

'ஒன்றுபோலவே', 'வெவ்வேறாகவே' என்று இரண்டு விடைகள் போட்டிக்கு நிற்பதாக வைத்துக்கொள்வோம். இங்கே வழுக்கி விழுகிறவர் விஷயம் தெரிந்தவர். கையால் வரைந்த அந்த ஓடுகளில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது கொச்சியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே 'வெவ்வேறாகவே' என்று குறித்துவிடுவார். அடுத்த வாக்கியமும் மேலோட்டமாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் பேசுகிறது. ஆனால் 'பார்த்தவர்களுக்குத்தான்' என்பதிலிருக்கும் 'தான்' குறுக்கே நிற்கிறது. குனியாதவருக்குத் தெரியாது என்று அது சொல்கிறது. அப்படியென்றால் சும்மா வருகிறவர் கண்ணுக்கு ஓடுகள் ஒன்றுபோலத்தான் தெரிந்தாக வேண்டும். ஓட்டைப் பற்றிய உண்மை வேறு, பத்தி சொல்வது வேறு என்று பிரிக்கத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பெண். ஓரசைச் சொல் ஒன்றில் முழு முரணையும் இப்படிச் சுமத்த முடிவது தமிழில் கேள்வி எழுதுவதன் தனிச் சுகம்.

தமிழில் எழுதுவதற்குத் தனிச் சங்கடமும் உண்டு. அரண்மனைக் கேள்வியில் 'கட்டடத்தை' என்ற சொல்லுக்கு அடுத்தே கோட்டைப் போட்டிருந்தால் என்ன ஆகும்? 'கட்டடத்தைப் ______' என்று ஒற்றோடு அச்சிட வேண்டிவரும். அந்தப் 'ப்' நான்கு விடைகளில் புதுப்பித்தார்களை மட்டும் விரல் நீட்டிக் காட்டிவிடும், பத்தியைப் படிக்கவே வேண்டாம். ஒற்றை விட்டுவிட்டால் தமிழ் பிழையாகிவிடும். அதனால்தான் கோட்டுக்கு முன்னால் '1663இல்' வந்து உட்கார்ந்தது. விடைகள் நான்கும் 'ஆர்கள்' என்றே முடிவதும் அதே காரணத்துக்குத்தான். ஒன்று மட்டும் 'ஆர்' என்றோ 'அது' என்றோ முடிந்தால் எழுவாய் காட்டிக்கொடுத்துவிடும்.

தேறாத கேள்வி எப்படி இருக்கும் என்பதையும் காட்ட வேண்டும். "அந்த வாரம் யூதர் தெருக் கிடங்குகளில் மிளகு ______ விலைக்குப் போனது. பல வியாபாரிகள் சரக்கை வெளியே எடுக்கவில்லை." விடைகள்: உயர்ந்த, குறைந்த. எழுதியவர் மனதில் 'குறைந்த' இருந்திருக்கும், விலை இல்லாததால் பதுக்கினார்கள் என்ற எண்ணத்தில். ஆனால் ஏறுகிற சந்தையில் இன்னும் ஏறட்டும் என்று காத்திருப்பதும் மிளகு வியாபாரிக்குப் பழக்கமானதே. இரண்டு விடையும் பிழைத்துக்கொள்கின்றன. அடுத்த வாக்கியம் ஒரு விடையோடு இணங்கிப்போனால் மட்டும் போதாது, மற்றதை வெளியே தள்ளவும் வேண்டும்.

திருத்துவது எளிது. "கடனை அடைத்தே தீரவேண்டியவர்கள் மட்டும் விற்றார்கள்" என்று இரண்டாம் வாக்கியத்தை மாற்றினால் போதும். வேறு வழியில்லாதவர் மட்டும் விற்கிறார் என்றால் அது நல்ல விலையாக இருக்க முடியாது. விலை என்ற சொல்லையே இரண்டாம் வாக்கியம் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். "விலை ஏறட்டும் என்று காத்திருந்தார்கள்" என்று எழுதியிருந்தால், பிழைத்த இரண்டு விடைகளும் அப்படியே பிழைத்திருக்கும்.

இப்படிப்பட்ட கேள்வி வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு குழுவுக்குக் கோடுள்ள வாக்கியத்தை மட்டும் கொடுக்க வேண்டும், இன்னொரு குழுவுக்கு முழுப் பத்தியையும். முதல் குழுவில் பலர் 'கட்டினார்கள்' என்று குறித்து, இரண்டாவதில் அது கணிசமாகக் குறைந்தால் அடுத்த வாக்கியம் உழைக்கிறது. இரு குழுவும் ஒரே விடையைச் சொன்னால் அந்த வாக்கியம் அங்கே இருப்பது வீண். இரண்டாவது குழுவில் நன்றாகப் படிக்கிறவர்களே இரண்டாகப் பிரிந்தால், முதலில் எழுதிய மிளகுக் கேள்வியின் நோய் அதற்கும் இருக்கிறது என்று பொருள்.