sha256sum: பதிவிறக்கம் முடிந்தது, கோப்பு முழுதாய் வந்ததா?

உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபியைத் தாண்டும். பதிவிறக்கம் 100 சதவீதம் என்று காட்டியதும் பலர் அதை அப்படியே பென்டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். பாதியில் நின்றுபோனால் பழி பென்டிரைவின் மேலோ லேப்டாப்பின் மேலோ விழும். கோப்பைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. லினக்ஸோடு கூடவே வரும் sha256sum அந்தச் சந்தேகத்தைச் சில நொடிகளில் தீர்த்துவைக்கிறது. கோப்பின் எல்லா பைட்டுகளையும் படித்து 64 எழுத்துகள் கொண்ட ஒரு ஹாஷைக் கணக்கிட்டுத் தரும். hello என்ற சொல்லின் ஹாஷ் 2cf24dba என்று தொடங்கும். அதன் முடிவில் ஒரு புதுவரிக் குறி சேர்ந்தாலே 5891b5b5 என்று முற்றிலும் வேறாகிவிடும். ஐஎஸ்ஓ கிடைக்கும் இடத்திலேயே SHA256SUMS என்ற சிறு கோப்பும் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டு இதை ஓட்டினால் போதும்:

```
sha256sum -c --ignore-missing SHA256SUMS
```

பொருந்தினால் OK, பொருந்தாவிட்டால் FAILED.

“எச்டிடிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். டிசிபி தன் பாக்கெட்டுகளுக்குப் போடும் செக்சம் வெறும் 16 பிட் கூட்டல். இரண்டு 16 பிட் துண்டுகள் இடம் மாறிக்கொண்டாலும் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அந்தப் பிழை அதன் கண்ணில் படாது. எச்டிடிபிஎஸ் அப்படியல்ல, வழியில் நேரும் எந்த மாற்றத்தையும் பிடித்துவிடும். ஆனால் அதன் காவல் வழியோடு முடிந்துவிடுகிறது. மிரர் சர்வரின் டிஸ்கில் ஏற்கெனவே கெட்டிருந்த கோப்பையும் அது பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்கத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நாள்தோறும் ஒரே முகவரியில் புதுப்பிக்கப்படும் சோதனை வெளியீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவில் 3 ஜிபி வந்தபின் இணைப்பு அறுந்தது. காலையில் wget -c கொடுத்துத் தொடர்கிறோம். இடையில் சர்வரில் புதிய கோப்பு ஏறிவிட்டது. wget 3 ஜிபிக்கு அப்பால் உள்ளதை மட்டும் கேட்டு வாங்கி ஒட்டிவிடும். முன்பாதி நேற்றையது, பின்பாதி இன்றையது. கோப்பின் அளவு இன்றைய வெளியீட்டோடு பைட் பிசகாமல் பொருந்தும், எச்டிடிபிஎஸ் எந்தக் குறையும் சொல்லாது. கையில் இருப்பதோ எந்த வெளியீட்டிலும் சேராத கோப்பு. கைவசமுள்ள பாதி உண்மையிலேயே சர்வரில் இருக்கும் கோப்பின் முன்பாதிதானா என்று தன்னால் சரிபார்க்க முடியாது என wget கையேடே சொல்கிறது. முழுக் கோப்பின் ஹாஷைப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

இந்தக் கருவியிடம் எனக்குள்ள பெரிய குறை, FAILED என்று சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொள்வதுதான். எங்கே கெட்டது, எப்படிக் கெட்டது என்பதை நாம்தான் தேட வேண்டும். முதலில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கிறது. சில கேபிதான் என்றால் வந்தது ஐஎஸ்ஓவே அல்ல, ஏதோ பிழைச்செய்திப் பக்கம். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் தெரிந்துவிடும். ஹாஷ் e3b0c442 என்று தொடங்கினால் கோப்பு காலி, அதில் ஒரு பைட்டுகூட இல்லை. அளவு சரியாக இருந்தும் ஹாஷ் மட்டும் பொருந்தவில்லையா? கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மீண்டும் கணக்கிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ரேமில் தங்கியிருக்கும் அதே பிரதியையே அது மறுபடி படிக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஹாஷ் வந்தால் சந்தேகத்தைக் கோப்பிலிருந்து ரேமுக்கும் டிஸ்குக்கும் மாற்ற வேண்டும். அதே தவறான ஹாஷே திரும்ப வந்தால் கோப்பு கெட்டிருக்கிறது. அதற்காக 5 ஜிபியையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை. உபுண்டு டொரண்டாகவும் கிடைக்கிறது. கெட்ட கோப்பு இருக்கும் இடத்தையே டொரண்ட் மென்பொருளுக்குக் காட்டி மறுசோதனை செய்யச் சொன்னால், துண்டு துண்டாக ஹாஷ் பார்த்து, கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

OK என்ற பதிலையும் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். sha256sum கோப்பை அதன் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. அதே பெயரில் பழைய ஐஎஸ்ஓ ஒன்று ஃபோல்டரில் கிடந்தால் பிரவுசர் புதியதற்கு (1) என்று சேர்த்துப் பெயரிடும். அப்போது வரும் OK பழைய கோப்புக்கானது. புதியதை யாரும் தொடவே இல்லை.

“எம்டி5 உடைக்கப்பட்டுவிட்டதே, அதை மட்டும் தரும் தளங்களை நம்பலாமா?” என்பது அடுத்த கேள்வி. தற்செயலாகக் கெட்ட கோப்பைக் கண்டுபிடிக்க எம்டி5 இன்றும் தாராளமாகப் போதும். அதன் பலவீனம், ஒரே ஹாஷ் வரும்படி இரண்டு கோப்புகளை ஒருவர் வேண்டுமென்றே தயாரிக்க முடியும் என்பதில் இருக்கிறது. ஆனால் வேண்டுமென்றே செய்யப்படும் கேட்டுக்கு, பக்கத்தில் அச்சிட்டுவைத்த எஸ்எச்ஏ-256 ஹாஷும் தனியாக மருந்தாகாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்ற முடிந்தவருக்கு அதே பக்கத்திலுள்ள ஹாஷை மாற்றுவது கடினமா என்ன? உபுண்டு இதற்காகவே ஹாஷ் பட்டியலில் கையொப்பமிட்டு SHA256SUMS.gpg என்ற கோப்பையும் தருகிறது. அதைச் சரிபார்க்கும் சாவியைப் பதிவிறக்கும் பக்கத்திலிருந்தே எடுத்தால் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். ஏற்கெனவே உபுண்டு ஓடும் கம்ப்யூட்டரில் அந்தச் சாவி /usr/share/keyrings ஃபோல்டரில் தயாராக இருக்கிறது.