கண்ணாடி போட்ட பிறகும் சிரமமா?

2011இல் இந்தியா எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள் என்றது. அடுத்த ஆண்டு இலங்கை எடுத்த குடிசன மதிப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏதாவது ஓர் அன்றாடச் செயலில் சிரமம் உள்ளவர்கள் 8.7 விழுக்காடு. பாக்கு நீரிணையைக் கடந்ததும் மனித உடம்பு நான்கு மடங்கு பலவீனமாகிவிடுவதில்லை. இரண்டு நாடுகளும் கேட்ட கேள்விதான் வேறு.

இந்தியப் படிவம், இவர் மனத்தளவிலோ உடலளவிலோ ஊனமுற்றவரா என்று முதலில் கேட்டது. ஆம் என்றால் பார்வை, செவி, பேச்சு, நடமாட்டம் என்று எட்டு குறியீடுகளில் ஒன்றை எழுத வேண்டும். இலங்கைப் படிவத்தில் ஊனம் என்ற பேச்சே இல்லை. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைத் தானே பராமரிப்பது, பிறரோடு பேசிப் புரிந்துகொள்வது ஆகிய ஆறில் சிரமம் உண்டா, எவ்வளவு என்று கேட்டது. ஐ.நா. புள்ளிவிவர ஆணையத்தின் கீழ் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழு உருவாக்கிய கேள்விகள் அவை. கொஞ்சம் சிரமம் என்றவரும் அந்த 8.7இல் அடக்கம். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து எந்த நாட்டில் ஊனம் அதிகம் என்று பேசுவது வீண்வேலை. நான் இங்கே பார்க்க விரும்புவது, அச்சுக்குப் போகும் முன் இத்தகைய கேள்விகளை இரண்டு நாடுகளிலும் எப்படிச் சோதித்தார்கள் என்பதை.

இந்தியாவின் வழி ஒத்திகை. 2021 கணக்கெடுப்புக்காக 2019 ஆகஸ்ட் 12 முதல் செப்டம்பர் 30 வரை முன்சோதனை நடந்தது (கணக்கெடுப்பு பிறகு தள்ளிப்போனது வேறு கதை). தேர்ந்தெடுத்த பகுதிகளில் உண்மையான கணக்கெடுப்பாளர்களே பயிற்சி பெற்று, படிவத்தோடும் கைப்பேசிச் செயலியோடும் வீடு வீடாகப் போவார்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தக் கட்டம் காலியாக வருகிறது, எந்த விடைக்குக் குறியீடு போதவில்லை, எந்த இடத்தில் கணக்கெடுப்பாளர் கேள்வியைத் தன் வார்த்தையில் மாற்றிக் கேட்கிறார் என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும். 2011இல் படிவம் 16 மொழிகளில் போனது. ஏறத்தாழ 27 லட்சம் பேர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவு பெரிய வேலைக்கு ஒத்திகை இல்லாமல் முடியாது.

ஆனால் ஒத்திகைக்குத் தெரிவதெல்லாம் தடுமாற்றம்தான். ஊனம் பற்றிய கட்டத்தில் தடுமாற்றமே வராது. வாசலில் நின்று கேட்கிறார்கள், "இல்லைங்க" என்று பதில் வருகிறது, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். கட்டம் நிரம்பியிருக்கிறது, நேரமும் பிடிக்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்சோதனை அறிக்கையில் இந்தக் கேள்வி நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், கண்புரை வந்து எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரியும் நிலையிலும், "வயசாயிட்டா அப்படித்தாங்க" என்று இல்லை சொல்லியிருப்பார். அவர் காதில் விழுந்தது ஊனம் என்ற சொல். தனக்கு இருப்பது மூப்பு என்று அவர் நினைக்கிறார். கட்டத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2001இல் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 1.06 கோடி; 2011இல் சுமார் 50 லட்சம். அதே பத்தாண்டில் செவிக் குறைபாடு உள்ளவர்கள் 12.6 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் போனார்கள். பத்தாண்டில் நாட்டில் பாதிப் பேருக்குக் கண் திரும்பி, நான்கு மடங்கு பேருக்குக் காது போய்விடவில்லை. இடையில் வரையறை மாறியது: ஒரு கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர் 2001இல் கணக்கில் வந்தார், 2011இல் வரவில்லை. அந்த வரையறை இருந்ததோ கணக்கெடுப்பாளரின் கையேட்டில். வாசலில் நின்று பதில் சொன்னவர் அதைக் கேட்கவே இல்லை.

இலங்கை இறங்கிய வழி வேறு. வாஷிங்டன் குழுவும் ஐ.நா.வின் ஆசிய பசிபிக் ஆணையமும் சேர்ந்து 2009 வாக்கில் ஆறு நாடுகளில் இந்த வகைக் கேள்விகளைச் சோதித்தபோது இலங்கையும் அதில் ஒன்று. அந்தச் சோதனையில் ஆட்கள் குறைவு, பேச்சு அதிகம். ஒருவரை உட்காரவைத்துக் கேள்வியைப் படிப்பார்கள், விடையைக் குறித்துக்கொள்வார்கள். அதோடு எழுந்துவிட மாட்டார்கள். "இப்ப நான் கேட்டதை உங்கட வார்த்தையில சொல்லுங்கோ", "கொஞ்சம் எண்டு சொன்னீங்கள், எதை நினைச்சுச் சொன்னீங்கள்?" என்று விடைக்குப் பின்னால் போவார்கள்.

கண் பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: "கண்ணாடி அணிந்தாலும் பார்ப்பதில் உங்களுக்குச் சிரமம் உள்ளதா?" எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணப் பக்கத்தில் இதைச் சிலரிடம் கேட்டுப் பார்த்தபோது நான் உடனிருந்தேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, "சரியான சிரமம்" என்றார். ஏன் என்று கேட்டால், "இது இல்லாட்டி ஒண்டும் தெரியாது தம்பி" என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். கேள்வி கேட்டது கண்ணாடியோடு; அவர் சொன்னது கண்ணாடி இல்லாமல். 'அணிந்தாலும்' என்பதன் கடைசி உம் காதில் விழவில்லை. அடுத்தவர் கண்ணாடி போடாத மீனவர். "நான் கண்ணாடி போடுறேல்லை, எனக்கு உந்தக் கேள்வி இல்லை" என்று ஒதுங்கிக்கொண்டார். பேசிப் பார்த்தால் இரவில் வலையின் முடிச்சு அவருக்குத் தெரிவதில்லை. முதலாமவரைக் கூட்டியும் இரண்டாமவரை விட்டும் படிவம் தவறாக நிரம்பியிருக்கும். எண்ணிக்கையில் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டால் பிழை யாருக்கும் தெரியவே தெரியாது.

திருத்தம் எளிது. முதலில் கண்ணாடி போடுகிறீர்களா என்று தனியாகக் கேட்பது. போடுபவரிடம் "கண்ணாடி போட்டிருக்கும்போது" என்று தொடங்குவது. போடாதவரிடம் கண்ணாடி என்ற பேச்சையே எடுக்காமல் நேராகக் கேட்பது. வாஷிங்டன் குழுவின் விரிவான கேள்வித் தொகுப்பும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். திருத்திய கேள்வியைப் புதிய ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டும். பழைய ஆட்களுக்கு நாம் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துவிட்டிருக்கும். மறு சுற்றில் கண்ணாடி உடைந்து புதியது வாங்காத ஒருவர் வந்தார். அவர் போடுபவரா, போடாதவரா? "இப்ப போடுறனீங்களோ?" என்று ஒரு சொல் கூடியது.

பேச்சு பற்றிய கேள்வியில் இலங்கைக்கென்று ஒரு குழி இருக்கிறது. உங்கள் வழக்கமான மொழியில் பேசும்போது பிறர் புரிந்துகொள்வதில் சிரமமா என்று கேட்கிறோம். வவுனியாவில் ஒருவர் உடனே தலையாட்டினார்: பொலிஸ் நிலையத்துக்குப் போனால் அவருடைய தமிழ் யாருக்கும் புரிவதில்லை. நியாயமான குறைதான், உடல் குறைபாடு இல்லை. சிங்களப் படிவத்தை மட்டும் சோதித்திருந்தால் இந்தச் சிக்கல் தலைகாட்டியிருக்காது. ஒரு மொழியில் சோதித்துத் திருத்திய கேள்வியை மற்ற மொழிக்கு வெறும் மொழிபெயர்ப்பாக அனுப்புவது இலங்கையில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறுக்குவழி.

தமிழிலிருந்து தமிழுக்கு வந்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் நன்கு பழகிய ஒரு மனநலப் படிவம் அப்படியே யாழ்ப்பாணம் வந்தது. கடந்த இரு வாரங்களில் வருத்தமாக இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிறசர் மட்டும்தான்" என்றார் ஒருவர். அங்கே வருத்தம் என்றால் நோய். மகனைப் பறிகொடுத்த அவர் துக்கத்தைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவே இல்லை. 'கவலை' என்று மாற்றியதும் விடைகள் மாறின.

இந்தியாவில் இந்த நுட்பம் இல்லை என்று படித்தால் தவறு. தேசிய மாதிரி ஆய்வு செய்த ஒரு சோதனை அந்த நாட்டின் திறமையைக் காட்டும். வீட்டுச் செலவைக் கடந்த 30 நாளுக்குக் கேட்பதா, 7 நாளுக்குக் கேட்பதா என்பது நெடுநாள் பிரச்சினை. 1999-2000 சுற்றில் உணவுக்கு இரண்டையும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு விடை இன்னொன்றை இழுத்தது, வறுமை குறைந்ததா என்ற சண்டை ஆண்டுக்கணக்கில் ஓடியது. 2000இல் ஐந்து மாநிலங்களில் முன்னோடி ஆய்வு நடத்தி, சில வீடுகளில் 7 நாள், சில வீடுகளில் 30 நாள் என்று பிரித்துக் கேட்டார்கள். வேறு சில வீடுகளுக்கு நாள்தோறும் போய்ச் சமையலுக்குப் போன பொருளையே அளந்தார்கள். பிறகு 2009-10 சுற்றின் ஒரு படிவம் அரிசி, பருப்பு, பால், சர்க்கரைக்கு 30 நாளும், காய்கறி, பழம், மீன், முட்டை, இறைச்சி, எண்ணெய்க்கு 7 நாளும் கேட்டது. இவ்வளவு கறாரான சோதனை இலங்கையில் நடந்து நான் அறியேன். உண்மை அளவு ஒன்று வெளியே இருந்து, அதோடு விடையை ஒப்பிட முடிந்தால் இந்திய முறை மிக வலியது. சிரமம், கவலை போன்றவற்றுக்கு அப்படி நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது. அங்கே ஆளிடம்தான் கேட்டாக வேண்டும்.

உட்கார்ந்து கேட்கும் முறைக்கும் எல்லை உண்டு. எட்டுப் பேரில் மூவர் தடுமாறினால் கேள்வி பழுது என்று தெரியும். நாட்டில் எத்தனை பேர் தடுமாறுவார்கள் என்று தெரியாது. கிடைக்கிற ஆட்கள் பெரும்பாலும் நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், பேசத் தெரிந்தவர்கள். மலையகத் தோட்ட லயத்தில் ஒருவரையாவது சேர்க்காத சோதனையை நான் நம்புவதில்லை. இன்னொரு பெரிய ஓட்டை இரு நாட்டுக்கும் பொது. சோதனையில் ஒருவர் தன்னைப் பற்றித் தானே பேசுகிறார். கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவர் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறார். மருமகளுக்கு ஒரு காது கேட்காது என்பதை மாமனார் அறியாமலும் இருக்கலாம், அறிந்தே மறைக்கவும் செய்யலாம். ஆகவே சோதனையிலும் சில வீடுகளில் முதலில் தலைவரிடம் கேட்டுவிட்டு, பிறகு அதே கேள்வியை உரியவரிடம் தனியே கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட வேண்டும். இதைச் செய்பவர்கள் அரிது, ஏனென்றால் நேரம் இரட்டிப்பாகிறது.

இந்தியாவில் அடுத்த கணக்கெடுப்பு 2027இல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. 2011 படிவத்தில் இருந்தவை எட்டு குறியீடுகள். வகைகளின் பெயரைச் சொல்லிக் கேட்பதாக இருந்தால் தலசீமியா, ஹீமோபிலியா, தசைநார்த் தேய்வு என்று ஒவ்வொன்றாக வாசலில் படிக்க வேண்டும். அந்தப் பட்டியலின் எந்த இடத்தில் கேட்பவரின் கவனம் விலகி "அதெல்லாம் இல்லைங்க" என்று வருகிறது என்பதை ஒரு தெருவில் பத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலே அறிந்துவிடலாம்.