கூட்டியதில் பிழையா, திருத்தியதில் பிழையா?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வில் 70, செய்முறையில் 20, அகமதிப்பீட்டில் 10 என்று மொத்தம் 100 மதிப்பெண். மொத்தத்தில் 35 வந்துவிட்டால் மட்டும் தேர்ச்சி கிடைக்காது; எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். ஒரு மாணவி செய்முறையில் 18, அகமதிப்பீட்டில் 9, எழுத்துத் தேர்வில் 14 வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 41. ஆனாலும் அந்த ஒற்றை மதிப்பெண்ணால் அவள் தோல்வி. முடிவு வந்த சில நாட்களுக்குள் அவள் முன்னால் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன: மறுகூட்டல், மறுமதிப்பீடு, துணைத்தேர்வு. வீட்டிலும் தெருவிலும் இவை மூன்றும் ஒன்றுபோலவே பேசப்படுகின்றன. 'ரீவேல்யூவேஷன் போட்டிருக்கிறோம்' என்று சொல்லும் பெற்றோரில் பலர் உண்மையில் போட்டிருப்பது மறுகூட்டல். இந்தக் குழப்பத்துக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூன்று வழிகளும் மூன்று வெவ்வேறு பிழைகளுக்கானவை. எந்தப் பிழை நடந்தது என்று தெரிந்தால்தான் சரியான வழியைத் தேர்ந்தெடுக்க முடியும். அதைக் காட்டக்கூடிய ஒரே பொருளான விடைத்தாள் அப்போது அவள் கையில் இல்லை. நம் தேர்வு முறையின் பெரிய கோளாறு இதுதான் என்பது என் வாதம்.

முதலில் கூட்டல் பிழையைப் பார்ப்போம். இயற்பியல் வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினைந்து. இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் வினாக்களில் ஆறாறு எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. ஆக முப்பத்திரண்டு விடைகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, அவற்றை முகப்புத் தாளுக்கு எடுத்தெழுதி, கூட்டி, பிறகு கணினிக்கு அனுப்ப வேண்டும். திருத்தும் முகாமில் உதவித் தேர்வாளர் திருத்திய தாளைக் கூர்ந்தாய்வாளர் சரிபார்க்கிறார், அதற்கு மேல் முதன்மைத் தேர்வாளர் இருக்கிறார். இத்தனை பேர் இருந்தும், பக்கத்தின் ஓரத்தில் இட்ட 2 முகப்புக்கு வராமல் போவது நடக்கக்கூடியதே. கடைசிப் பக்கத்தில் தொடர்ந்து எழுதிய விடை கண்ணில் படாமல் போவதும் உண்டு. மறுகூட்டல் இந்த வகைப் பிழையை மட்டுமே தேடுகிறது: உள்ளே இட்ட மதிப்பெண்கள் எல்லாம் வெளியே வந்தனவா, கூட்டியது சரியா, மதிப்பெண் இடாமல் விட்ட விடை ஏதும் உண்டா. ஒரு விடைக்கு 2 போட்டது நியாயமா, 4 போட்டிருக்க வேண்டுமா என்ற கேள்விக்குள் அது நுழையாது. இந்த எல்லையே அதன் பலமும்கூட. இங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. மூன்றும் இரண்டும் ஐந்து என்பதை இன்னொருவர் பார்த்தாலும் ஐந்துதான்.

இப்படிப்பட்ட எழுத்தர் பிழையைச் சின்னது என்று ஒதுக்குபவர்களுக்கு 2019-இல் தெலங்கானாவில் நடந்ததை நினைவூட்ட வேண்டும். அங்கே இன்டர்மீடியட் முடிவுகளில் ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் 0 என்று வந்தது. மறுபடி சரிபார்த்தபோது அது 99. எழுதியவளின் அறிவிலோ, திருத்தியவரின் கண்டிப்பிலோ வந்த வித்தியாசம் இல்லை இது. மதிப்பெண் தாளிலிருந்து பட்டியலுக்குப் போகும் வழியில் நேர்ந்த பிழை. அந்த ஆண்டு முடிவுகளுக்குப் பின் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட துயரம் நிகழ்ந்தது. தோல்வியடைந்த எல்லோருடைய தாள்களையும் கட்டணம் வாங்காமல் மறுகூட்டலுக்கும் மறுசரிபார்ப்புக்கும் உட்படுத்த அரசு உத்தரவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தேர்ச்சி பெற்றார்கள். தோற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கு என்பது சரிதான். ஆனால் யாரும் கேட்காமலே வாரியம் தானாகப் பார்த்ததால் அந்த ஆயிரம் பேர் வெளியே வந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மறுமதிப்பீடு வேறு வகை. மின்னூட்டம் பெற்ற முடிவிலா நீளக் கம்பியின் அருகே மின்புலத்தைக் காஸ் விதிப்படி தருவிக்கச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினாவை எடுத்துக்கொள்வோம். நம் மாணவி உருளை வடிவப் பரப்பை வரைந்து, மேல், கீழ் தட்டுகளில் பாயம் சுழி என்று எழுதி, வளைபரப்பின் பாயத்தைக் கணக்கிட்டு, இறுதிச் சமன்பாட்டுக்கும் வந்துவிட்டாள். ஆனால் படத்தில் திசையைக் குறிக்கவில்லை, நடுவில் ஒரு படியை ஒரே வரியில் தாண்டிவிட்டாள். விடைக்குறிப்பைப் படிக்குப் படி பிடித்துக்கொள்ளும் ஆசிரியர் இதற்கு 3 போடலாம். விடை சரியாக வந்ததால் விட்டுப்போன படி அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று கொள்பவர் 4 போடலாம். இரண்டு பேரும் நேர்மையானவர்களே. 14 வாங்கியவளுக்கு இந்த ஒரு மதிப்பெண்தான் தோல்விக்கும் தேர்ச்சிக்கும் இடையில் நிற்கிறது. மறுகூட்டலுக்கு விண்ணப்பித்திருந்தால் இந்த விடையை யாரும் மீண்டும் படித்திருக்க மாட்டார்கள். 'மாற்றம் இல்லை' என்று பதில் வந்திருக்கும். அவளும் தன் தாளை மறுபடி ஒருவர் படித்துப் பார்த்துவிட்டார் என்றே நம்பியிருப்பாள்.

மறுமதிப்பீட்டின் பலவீனமும் இதே உதாரணத்தில் தெரிகிறது. இரண்டாவது ஆசிரியர் இட்ட 4 முதலாமவரின் 3-ஐ விட உண்மையானது என்று எப்படிச் சொல்வது? ஒரு மனிதரின் தீர்ப்பை இன்னொரு மனிதரின் தீர்ப்பால் மாற்றுகிறோம், அவ்வளவே. இதைக் கையாள்வதில் வாரியங்கள் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டில் பாடத்துக்கு ரூ.505 கட்டணத்தில் முழுத் தாளும் மறுமதிப்பீட்டுக்குப் போவது அண்மை ஆண்டுகளின் நடைமுறை. மத்திய வாரியமான சி.பி.எஸ்.இ.யில் எந்த வினா என்று மாணவரே குறிப்பிட வேண்டும், வினாவுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் அந்தக் குறைவே நிலைக்கும் என்றும் அங்கே விதி இருந்துவருகிறது. எனக்கு வினா வாரியான முறையே மேலானதாகப் படுகிறது. 'இந்த விடையில் இந்தப் படிக்கு மதிப்பெண் வரவில்லை' என்று மாணவர் சுட்டும்போது, இரண்டாம் மதிப்பீட்டாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று உருவாகிறது. முழுத் தாளையும் பொத்தாம்பொதுவாகத் திரும்பத் திருத்தும்போது அப்படி ஒரு கேள்வி எழுவதில்லை. ஆனால் வினாவைச் சுட்ட வேண்டுமானால் தாளைப் பார்த்திருக்க வேண்டும். மறுபடியும் விடைத்தாள் நகலிடமே வந்து நிற்கிறோம்.

பல ஆண்டுகளாக நம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் தந்த வழி இப்படி இருந்தது. முடிவு வந்ததும் மாணவர் நகல் வேண்டுமா, மறுகூட்டல் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒரே பாடத்துக்கு அந்தக் கட்டத்தில் இரண்டையும் கேட்க முடியாது. நகலுக்கு ரூ.275, மறுகூட்டலுக்கு உயிரியலென்றால் ரூ.305, மற்றவற்றுக்கு ரூ.205. நகல் வாங்கியவர்களுக்கே பிறகு மறுமதிப்பீட்டு வாய்ப்பு. கையில் பணம் குறைவாக இருந்த குடும்பம் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எழுபது ரூபாய் குறைவு என்பதால் மறுகூட்டலைப் போட்டவர், பிழை மதிப்பீட்டில் இருந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே இழந்துவிட்டார். நகல் முதலில், மனு பிறகு என்பது எல்லோருக்கும் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். அந்த நகலுக்குக் கட்டணம் இருக்கக் கூடாது. ஸ்கேன் செய்து இணையத்தில் பதிவிறக்கும் வசதி வந்துவிட்ட காலத்தில் இது பெரிய செலவும் இல்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு எண்ணிக்கை. பிளஸ் டூ தேர்வை ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதுகிறார்கள். ஆளுக்கு ஆறு பாடம் என்றால் நாற்பது லட்சத்தைத் தாண்டிய விடைத்தாள்கள். இலவசமென்றால் எல்லோரும் கேட்பார்கள், கல்லூரிச் சேர்க்கைக்கு முன் முடிக்க முடியாது என்பார்கள். கவலை நியாயமானது. ஆனால் கட்டணம் தேவையற்ற மனுவைத் தடுப்பதைப் போலவே தேவையான மனுவையும் தடுக்கிறது, அதுவும் ஏழையிடம் மட்டும். இலவச நகலைத் தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களிடமிருந்து தொடங்கலாம். கூட்டலில் பிழை இருந்தால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரலாம். தான் செய்த கூட்டல் தவறைத் திருத்த வாரியமே பணம் வாங்கி வைத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. தேர்வுக்கு ஒரு முடிவு வேண்டும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் தாளைத் திறந்தால் முடிவே வராது என்பது. 1984-இல் மகாராஷ்டிர வாரியத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பக்கமே நின்றது. விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. ஆனால் அதே நீதிமன்றம் 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய விடைத்தாளைப் பார்ப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தேர்வரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு இல்லை. மறுமதிப்பீட்டை வாரியம் ஒரு முறையோடு முடித்துக்கொள்ளலாம். தாளைக் காட்டாமல் இருக்கக் கூடாது. காட்டுவதால் முடிவு தள்ளாடாது. தன் தாளைப் பார்த்து, 14 தனக்குச் சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் மாணவர்களும் உண்டு. அவர்கள் நேரே படிக்கப் போய்விடுவார்கள்.

அவர்கள் போகும் இடம் துணைத்தேர்வு. 'தோற்றால் என்ன, ஒரு மாதத்தில் திரும்ப எழுதலாமே, பிறகு இந்த நகல், மனு எல்லாம் எதற்கு' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டையே இழக்காமல் ஜூன், ஜூலையிலேயே எழுதித் தேறும் வழி நம் முறையின் உண்மையான நன்மைகளில் ஒன்று. ஆனால் அது முந்தைய இரண்டுக்கும் மாற்றாகாது. மறுகூட்டலும் மறுமதிப்பீடும் மார்ச்சில் எழுதிய அதே தாளைப் பற்றியவை. துணைத்தேர்வு புதிய வினாத்தாள், புதிய மூன்று மணி நேரம். முன்னவற்றில் வாரியம் தன் வேலையைத் திரும்பப் பார்க்கிறது. இதில் மாணவி தன் வேலையைத் திரும்பச் செய்கிறாள். வாரியம் தவறவிட்ட இரண்டு மதிப்பெண்ணுக்காக அவளை மறுபடி தேர்வறையில் உட்கார வைப்பது, அந்தத் தவறை அவள் தலையில் கட்டுவதாகும். தேறியவர்களுக்கோ இந்தக் கதவு திறப்பதே இல்லை. இயற்பியலில் 88 வாங்கி, 92 வர வேண்டியது என்று நம்பும் மாணவருக்குப் பொறியியல் கட்-ஆஃபில் இரண்டு மதிப்பெண் போகிறது. தேர்ச்சி பெற்றவர் துணைத்தேர்வு எழுத முடியாது. அவருக்கு மறுமதிப்பீடு மட்டுமே கதி.

நடைமுறையில் இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. துணைத்தேர்வுக்குப் பதிவு செய்யும் நாட்கள் பெரும்பாலும் மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் முடிந்துவிடுகின்றன. ஆகவே 14 வாங்கிய மாணவி மனுவையும் போட வேண்டும், துணைத்தேர்வுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும், கிடைக்குமோ கிடைக்காதோ என்ற நிலையில் இயற்பியலையும் படிக்க வேண்டும். மனு மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பவர் இரண்டையும் இழக்கக்கூடும். தோல்வியடைந்தவர்களின் மனுக்களை முதலில் எடுத்து, துணைத்தேர்வுப் பதிவு முடிவதற்குள் அவர்களுக்கு மட்டுமாவது பதில் தந்துவிட்டால் இந்த இரட்டைச் சுமை நீங்கும். தேறியவர்களின் மனுக்கள் பத்து நாள் பின்னால் வந்தாலும் கலந்தாய்வுக்கு முன் வந்தால் போதும். மனுக்களை எடுக்கும் வரிசையை மாற்றினாலே இது நடக்கும். இதற்காகப் புதிதாக ஒரு சட்டம் தேவையில்லை.