அறுபடாத எண்ணெய்

செஞ்சிப் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டை எண்ணெய் பாட்டிலிலிருந்து வாணலியில் விழுவதைப் படமெடுக்கத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். சட்டென்று கவிழ்த்தால் காற்று புக வழியின்றி பாட்டில் ‘களக் களக்’கென்று விக்கும், தாரை தடித்தும் மெலிந்தும் ஆடும். வாயின் மேல்பாதி காலியாக இருக்கும்படி மெல்லச் சாய்த்தால் மேலே காற்று போகும், கீழே எண்ணெய் வரும். மெல்லிய தாரையை ரொம்ப உயரத்திலிருந்து விட்டால் முத்து முத்தாக அறுந்துவிடும். ஒரு சாண் போதும்.

பொன்னிறம் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் ஏறும். அதே வெளிச்சம் லேபிளை இருட்டாக்கும். முன்னால் வெள்ளை அட்டையைப் பிடித்தால் எழுத்து தெளியும். எழுத்து சாய்ந்து நிற்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், படிக்க முடிந்தால் சரி. பாட்டிலை நிமிர்த்தும்போதுதான் வினை: வாயோரச் சொட்டு காகித லேபிளில் இறங்கினால் கறை போகாது. மறுபடி படமெடுக்கப் புது பாட்டில்தான் வேண்டும்.