சீனிச் சம்பல் இருக்க என்ன கவலை!

சீனிச் சம்பலைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் தோப்பூருக்கு அழைத்து மாலை போட்டுவிடுவேன். பாடசாலை போகும் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுவதில் இதை மிஞ்ச இன்னொன்று இல்லை. இதில் நான் யாரோடும் வாதாடத் தயார்.

எங்கள் வீட்டில் ஆறு மணிக்கே பெட்டி மூடியாக வேண்டும். பிள்ளை அதைத் திறப்பது பத்தரை மணி இடைவேளையில். கொட்டியாரக் குடாப் பக்கத்து வெயிலில் நாலரை மணித்தியாலம்! பச்சைத் தேங்காய்ச் சம்பலோ பால்சொதியோ இதைத் தாங்காது. தேங்காயில் ஈரமும் சத்தும் நிறைய. சூட்டில் கிருமி பெருகி, புளித்த வாடை வந்துவிடும். சீனிச் சம்பலில் அந்த ஈரத்தைத்தான் நாம் அடுப்பிலேயே விரட்டிவிடுகிறோம். மிச்சத்தைச் சீனியும் உப்பும் புளியும் பார்த்துக்கொள்ளும்.

அரைக் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, தாராளமாக எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை, றம்பை, கறுவா, ஏலத்தோடு சிறு நெருப்பில் வதக்குங்கள். அவசரம் வேண்டாம், அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வெங்காயம் பொன்னிறமாகிச் சுருண்டதும் இடித்த மாசி, இடித்த செத்தல் மிளகாய், உப்பு, கெட்டிப் புளி, கடைசியில் சீனி. சின்னப் பிள்ளைக்கு மிளகாயைப் பாதியாக்கிவிடலாம். மாசியைக் குறைக்க மட்டும் எனக்கு மனம் வராது. பதம் பார்க்கக் கரண்டியால் சம்பலை ஓர் ஓரமாக அழுத்துங்கள். தண்ணீர் கசிந்தால் இன்னும் வதக்க வேண்டும். எண்ணெய் மட்டும் சிவப்பாகப் பிரிந்து நின்றால், அடடா, அதுதான் பதம்! ஆறவிட்டுக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு பாடசாலை வாரம் கவலையில்லை. ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக்கூடாது.

இதற்குச் சோடி தேங்காய் ரொட்டி. இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை துருவல். துருவலை வெறும் தாச்சியில் ஈரம் போகுமட்டும் வறுத்துச் சேர்ப்பேன், மணமும் கூடும். இளஞ்சூட்டு நீரில் பிசைந்து மெல்லிசாகத் தட்டி, நடுவில் மாவு வேகாமல் நிற்காதபடி இரண்டு பக்கமும் சுடவேண்டும். சுட்டதைச் சூட்டோடு பெட்டியில் அடைக்காதீர்கள்; ஆவி மூடியில் பட்டு நீராகச் சொட்டி ரொட்டியை நனைத்துவிடும், நனைந்தது கெடும். வலைத்தட்டில் ஆறவிட்டு, நடுவில் சம்பலைப் பூசி மடித்து வையுங்கள். பழம் வேண்டுமென்றால் தோலோடு ஒரு வாழைப்பழம் போதும், நறுக்கிய பழம் வேண்டாம்.

வீட்டில் சோற்றுக்கு முகம் சுளிக்கிற என் மகன், "உம்மா, நாளைக்கு ரெண்டு கூட வைங்க, கூட்டாளிமாருக்கும் வேணுமாம்" என்கிறான். மாசி பிடிக்காத கூட்டாளி ஒருவனுக்கு மாசி போடாமல் தனியாக ஒரு கிண்ணம் வதக்கிக் கொடுத்தேன். அதுவும் எண்ணெய் பிரியுமட்டும் வதக்கியதுதான். அவன் பெட்டியும் துடைத்த மாதிரித்தான் திரும்பியதாம்!