இருட்டுவதற்கு முன் பேச வேண்டியது

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் திரையிடல் மாலைக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒலிவாங்கி முன் நின்று, கையில் இருந்த தாளைத் தடுமாறாமல் வாசித்தாள். குரல் தெளிவாக இருந்தது. வெள்ளித்திரை, கனவுலகம், கலைத்தாய் என்று ஒரு பக்கம் போனது. பிறகு படத்தின் கதை வந்தது. சிறுவன் ஒருவனுக்கு ஒரு சிவப்பு பலூன் கிடைக்கும், அது அவனோடு நட்பாகும், பொல்லாத பையன்கள் அதை உடைப்பார்கள், முடிவில் ஊரில் உள்ள பலூன்கள் எல்லாம் பறந்து வந்து அவனை வானத்துக்குத் தூக்கிச் செல்லும் என்று சொல்லி முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். விளக்கு அணைந்தது. அடுத்த 34 நிமிடமும் பிள்ளைகள் தாங்கள் ஏற்கெனவே கேட்ட ஒன்றைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாணவியிடம் குறை இல்லை. தாளை எழுதிக் கொடுத்தவரிடமும் நல்ல எண்ணத்துக்குக் குறைவில்லை. ஆண்டுவிழாத் தொகுப்புரையின் அச்சை அப்படியே எடுத்துத் திரையிடல் மாலைக்குப் போட்டதில்தான் கோளாறு. ஆண்டுவிழாவில் தொகுப்பாளர் நிரப்ப வேண்டிய இடைவெளிகள் இருக்கின்றன. நடனக் குழு உடை மாற்ற வேண்டும், விருந்தினர் மேடையேற வேண்டும். அங்கே அடைமொழிகூட ஒரு வேலை செய்கிறது, நேரத்தைக் கடத்துகிறது. படத்துக்கு முன்னால் அப்படி நிரப்ப எதுவும் இல்லை. அங்கே பேசும் ஒவ்வொரு வாக்கியமும் படத்தோடு சேரும், அல்லது படத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு மாதம் ஒரு சிறார் படம் திரையிடும் திட்டம் 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய பிறகு, இந்த உரைகளை எழுதுவது பல ஆசிரியர்களுக்குப் புதிய வேலையாக வந்து சேர்ந்தது. ஆனால் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசும் ஆள் கோயம்புத்தூருக்குப் புதியவர் அல்லர். இந்த ஊர்க்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். 1914-இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்த ஊமைப்படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரையோரம் ஒருவர் நின்று, இடையிடையே வரும் எழுத்துகளை வாசித்தும் நடப்பதை விளக்கியும் சொல்லுவார். அவருக்கு அங்கே இடம் கிடைத்ததற்குக் காரணம் எளியது. திரையில் வந்த எழுத்தைப் பார்வையாளர்களில் பலரால் படிக்க முடியவில்லை. ஒரு தடை இருந்தது, அதை அவர் நீக்கினார்.

பள்ளித் தொகுப்புரையை நான் எடைபோடுவதும் இந்த அளவுகோலில்தான். பிள்ளைக்கும் படத்துக்கும் நடுவே தானாகத் தாண்ட முடியாத தடை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதைப் பேசலாம். மற்றதைப் படத்திடம் விட்டுவிட வேண்டும்.

அன்று காட்டிய இரண்டு படங்களையே எடுத்துக்கொள்வோம். முதலாவது ஆல்பர் லமோரிஸ் 1956-இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’. இதில் பேச்சு மிகக் குறைவு. அதுவும் பிரெஞ்சு. அது புரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது. இங்கே உள்ள தடை இடம்தான். தொண்டாமுத்தூர்ப் பிள்ளைக்கு அந்தச் சாம்பல்நிறத் தெருக்கள், படிக்கட்டுச் சந்துகள், பழைய சுவர்கள் எந்த ஊர் என்று தெரியாது. ‘இது பாரிஸ் நகரம், உங்க தாத்தா பாட்டி காலத்துப் பாரிஸ்’ என்ற ஒரு வாக்கியம் போதும். இன்னொரு வாக்கியத்துக்கும் இடம் உண்டு. பலூனோடு வரும் சிறுவனை வண்டியில் ஏற்ற நடத்துனர் மறுக்கும் காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. ஆகவே உரை இப்படித் தொடங்கலாம்: ‘கையில ஏதோ வெச்சிருந்தீங்கன்னு பஸ்ல ஏத்த மாட்டேன்னு எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா?’ நாய்க்குட்டி, கோழி, நீளமான கரும்பு என்று கூடத்தில் பதில் கிளம்பும். கதை ஒரு வரிகூட வெளியே வரவில்லை, ஆனால் அந்தக் காட்சி வரும்போது ஒவ்வொருவருக்கும் அங்கே தன் கோழி இருக்கும்.

இரண்டாவது சாப்ளினின் ‘தி கிட்’, 1921. இங்கே தடை வேறு. ஊமைப்படம், இடையில் எழுத்தட்டைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. பின்வரிசையில் உட்கார்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைப் படித்து முடிப்பதற்குள் அட்டை போய்விடும். எனவே பழைய கொட்டகை விளக்குநரை இங்கே திரும்பக் கூப்பிடலாம் என்பது என் கருத்து. படத்தை முன்கூட்டி ஓட்டி, அட்டைகளை வரிசைப்படி தமிழில் எழுதி எண் போட்டு, ஒரே ஒருவர் அட்டை தோன்றும்போது மட்டும் வாசிக்க வேண்டும். இதற்கு ஒரு முழு ஒத்திகை தேவை. ஒத்திகை இல்லாமல் வாசித்தால் ஓர் அட்டை தவறும், அடுத்ததிலிருந்து எல்லாமே தப்பும். வாசிப்பவர் இசைமேல் குரலை ஏற்றிவிடுவார் என்று ஒருவர் எதிர்ப்புச் சொன்னார். அது நியாயமான பயம். அதனால்தான் அட்டைக்கு மட்டும் என்கிறேன். நடப்பதை விளக்க ஒரு சொல்கூட வேண்டாம்.

அதே படத்தின் முடிவுப் பகுதியில் நாடோடி ஒரு கனவு காண்கிறான். அவன் தெருவே சொர்க்கமாகி, எல்லோருக்கும் இறக்கை முளைத்திருக்கும். சிறு பிள்ளைகள் இங்கே திகைக்கிறார்கள். ‘அது கனவு, குழம்பாதீர்கள்’ என்று முன்னுரையிலேயே சொல்லிவிடும் ஆசிரியர்கள் உண்டு. இது நீக்கக் கூடாத தடை. ஆங்கில அட்டை தகவல் குறைவால் வரும் தடை, அதைப் பிள்ளையால் கடக்க முடியாது. கனவோ யோசித்தால் பிடிபடுவது. அந்த யோசனையைத் தொகுப்பாளர் செய்துவிட்டால் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

எழுதி வைத்த தாளுக்கே எதிரானவன் இல்லை நான். அதன் பலம் நேரத்தில் தெரியும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளை நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 தமிழ்ச் சொற்கள் வருகின்றன. அப்படியானால் இரண்டு நிமிடத் தொடக்க உரை 170 சொல்லுக்குள் அடங்க வேண்டும். இது வெறும் ஒழுங்குக்காக அல்ல. தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கத்து மலையடிவார ஊர்களில் அந்தி சாய்ந்தால் யானை இறங்கும். நவம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நாலரைக்குத் தொடங்கி, வரவேற்புக்கு 5 நிமிடம், தொடக்க உரைக்கு 2, முதல் படத்துக்கு 34, இடையே 8, ‘தி கிட்’ படத்துக்கு 53 என்று கூட்டினால் ஆறு பன்னிரண்டுக்குக் கூட்டம் கலையும். அதுவே கடைசி எல்லை. அந்த 53 நிமிடம்கூட சாப்ளின் 1971-இல் சுருக்கி இசை சேர்த்த பதிப்புக்குத்தான். பழைய பதிப்பு ஏறக்குறைய 68 நிமிடம். கையில் உள்ள பதிப்பு எது என்று ஓட்டிப் பார்க்காமல் நிகழ்ச்சி நிரல் எழுதக் கூடாது.

அன்று பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரைகள் என்று நாற்பது நிமிடம் போய்விட்டது. சாப்ளின் பையனை அதிகாரிகள் வண்டியில் ஏற்றும்போது, வாசலில் பைக்கோடு நின்ற அப்பாக்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருட்டில் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். படம் முடியும்போது கூடத்தில் பாதிக்கும் குறைவு.

விருந்தினரை மதிப்பது தவறு என்று சொல்ல மாட்டேன். கொங்குப் பக்கத்தில் ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லாமல் ஒரு காரியம் தொடங்காது, தொடங்கவும் கூடாது. நாலரை மணிக்கு மேற்குச் சன்னல் வழியாக வெயில் உள்ளே அடிக்கும். தார்ப்பாயைக் கட்டி முடிக்க ஐந்து நிமிடம் ஆகும். மரியாதைகளுக்கு அந்த ஐந்து நிமிடம் பொருத்தமான நேரம். வருகையாளர் பெயர்களை ஒருமுறை, பதவியோடு, பிழையில்லாமல் சொல்லி, நன்றியையும் அதிலேயே சேர்த்துவிடலாம். நன்றியுரையைக் கடைசியில் வைப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. படம் முடிந்த கணத்தில் ஒரு பிள்ளைக்குள் ஓடிக்கொண்டிருப்பதன்மேல் ஒலிபெருக்கி வாடகைக்காரர் பெயரைப் போடுகிறோம்.

இணைப்புரைக்கு வருகிறேன். ‘சிவப்பு பலூன்’ முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு, ‘இப்படத்தின் மூலம் நாம் அறிவது நட்பின் மேன்மை’ என்று அந்தத் தாள் சொன்னது. நான் எழுதியிருந்தால் முதல் வரி இப்படி இருக்கும்: ‘இருபது எண்ணும் வரை பேசாதே. விளக்கு வேண்டாம்.’ பிறகு பாதி வெளிச்சம். பிறகு ஒரே கேள்வி: ‘கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லாத காலத்துல அந்தப் பலூனை எப்படி அவன் பின்னாலயே வர வெச்சிருப்பாங்க?’ இந்தக் கேள்விக்கு ஆறாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒரே உயரத்தில் நின்று பதில் சொல்ல முடியும். நூல், காற்று, ஒளிந்திருக்கும் ஆள் என்று வாதம் நடக்கும். நட்பைப் பற்றி யாராவது தானாகச் சொன்னால் அது அவர் கண்டுபிடித்தது.

இங்கேதான் எழுதிய தாளின் பெரிய பலவீனம் வெளிப்படுகிறது. தாளை வாசிக்கும் பிள்ளைக்கு எதிரில் இருப்பவர்கள் காதில் விழுவதில்லை. அன்று முன்வரிசைப் பையன் ஒருவன், ‘அக்கா, அந்தப் பலூனு செத்துப்போச்சாக்கா?’ என்று உரக்கக் கேட்டான். அந்த மாலையிலேயே சிறந்த கேள்வி அது. தாளில் அதற்கு இடம் இல்லாததால் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். ஆகவே தாளில் வெற்றிடம் விட வேண்டும். ‘இங்கே நிறுத்து, மூன்று பேர் பேசட்டும்’ என்று எழுதியே வைக்கலாம். பெயர்களும் தகவலும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். கேள்விகள் அவள் வீட்டில் பேசும் பேச்சில் இருக்கட்டும். ‘ஏனுங்க, யாருக்காச்சும் தெரியுமா?’ என்று அவள் கேட்டால் சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் பதில் வருவது அந்தக் கேள்விக்குத்தான்.

இன்னொரு தாளும் வேண்டும், மின்சாரம் போனால் எடுப்பதற்கு. விளக்கு எரியும் வகைப் படவீழ்த்தி திடீரென அணைந்தால், மறுபடி ஏற்றச் சில நிமிடம் ஆறவிட வேண்டும். அந்த இடைவெளியில் ஆசிரியர் அறிவுரை தொடங்கிவிடுவது வழக்கம். அதற்குப் பதில், ‘கண்ணை மூடிக்கங்க. கடைசியா திரையில என்ன பார்த்தீங்க, சட்டை, சுவர், வானம், என்ன நெறம்?’ என்று கேட்டால் பிள்ளைகள் படத்துக்குள்ளேயே இருப்பார்கள். மின்சாரம் வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடலாம்.

தாளைப் பற்றிச் சிறு விவரங்கள். ஒரு பகுதிக்கு ஒரு பக்கம், பின்பக்கம் எழுதக் கூடாது, எழுத்து விரல் அகலம் பெரிதாக இருக்க வேண்டும். ல-மோ-ரிஸ் என்று பெயரைப் பிரித்து எழுத வேண்டும். இருட்டில் கைப்பேசித் திரையைப் பார்த்து வாசித்தால் அந்த வெளிச்சம் திரைமேல் விழும். சிறு டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் போதும்.

‘தி கிட்’ முடிந்த பிறகு சொல்ல ஒரு வாக்கியம் மட்டும் எழுதுவேன், அதுவும் ஒலிவாங்கி இல்லாமல்: ‘நரசீபுரம் பக்கம் போறவங்க தெற்கு வாசல்ல, வாத்தியாரோட சேர்ந்து போங்க.’